நெல்லுக்குக் கருவாடு எத்தனை கிலோ? வல்ராசின் விதியும் சார்பு விலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பொருளியல் படிப்பவர்கள் இந்தப் பகுதியில் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். எல்லா விடைகளுக்கும் ஒரே கணக்குத்தான் உதாரணம். அதனால் 2ஆம் கேள்வியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

1. மிகைக் கேள்வி எண்டா என்ன? கேள்வி கூடினா மட்டும்தான் அப்பிடிச் சொல்லுறதோ?

ஒரு பண்டத்தை எல்லோரும் சேர்ந்து வைத்திருக்க விரும்பும் அளவிலிருந்து, எல்லோரிடமும் சேர்த்து இருக்கும் அளவைக் கழித்தால் வருவது அதன் மிகைக் கேள்வி. இங்கே ‘கேள்வி’ என்பது நம் பாடநூல்களின் சொல். தமிழ்நாட்டு நூல்களில் ‘தேவை’ என்று இருக்கும்.

விடை நேராக வந்தால் பண்டம் போதவில்லை, மறையாக வந்தால் மிஞ்சிக் கிடக்கிறது, பூச்சியம் என்றால் சந்தை சமன். மூன்றுக்கும் பெயர் மிகைக் கேள்விதான். ‘மிகை’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு மறைக்குறியை அழித்துவிடுபவர்கள் உண்டு. அந்தக் குறி போனால் கீழே வரும் எதுவுமே வேலை செய்யாது.

2. சூத்திரம் விளங்குது, கணக்கு வருகுதில்லை. ஒருக்கா முதலில இருந்து போட்டுக் காட்டுங்கோ.

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் ஒரு கமக்காரர். காலபோக அறுவடை முடிந்து அவரிடம் 20 மூடை நெல் இருக்கிறது, கருவாடு இல்லை. முல்லைத்தீவுக் கரையில் வாடி போட்டிருக்கும் ஒருவரிடம் 60 கிலோ கருவாடு இருக்கிறது, நெல் இல்லை. கமக்காரர் தன் சொத்தின் பெறுமதியில் பாதியை நெல்லாகவும் பாதியைக் கருவாடாகவும் வைத்திருக்க விரும்புகிறார். வாடிக்காரர் மூன்றில் இரண்டு பங்கை நெல்லாகவும் ஒரு பங்கைக் கருவாடாகவும் விரும்புகிறார். பங்குகள் இப்படி மாறாமல் இருப்பது கொப்-டக்ளஸ் பயன்பாட்டுச் சார்பின் இயல்பு.

கருவாட்டின் விலையை 1 என்று வைத்து, ஒரு மூடை நெல்லுக்கு p கிலோ கருவாடு என்போம். கமக்காரரின் வருமானம் 20p. அதில் பாதி நெல்லுக்கு, அதாவது 10p-ஐ p ஆல் வகுக்க 10 மூடை. மற்றப் பாதி 10p கிலோ கருவாடு. வாடிக்காரரின் வருமானம் 60. அதில் 40 நெல்லுக்கு, அதாவது 40/p மூடை. மிச்சம் 20 கிலோ கருவாடு அவரிடமே இருக்கும். இனி இருப்பைக் கழித்தால் வரும் மிகைக் கேள்விகள் z1, z2:

```
z1 (நெல்)     = 10 + 40/p - 20  = 40/p - 10
z2 (கருவாடு)  = 10p + 20 - 60   = 10p - 40
```

z1 = 0 என்று எடுத்தால் p = 4. ஒரு மூடை நெல்லுக்கு 4 கிலோ கருவாடு. கமக்காரர் 10 மூடையைக் கொடுத்து 40 கிலோ வாங்குகிறார், 10 மூடை வீட்டில் இருக்கிறது. வாடிக்காரரிடம் 10 மூடையும் 20 கிலோவும். நெல் 20, கருவாடு 60, இரண்டும் இருப்போடு பொருந்துகின்றன.

3. மிகைக் கேள்விகளின்ர கூட்டுத்தொகை பூச்சியம் எண்டு படிச்சம். p = 5 எண்டு போட்டா −2 உம் +10 உம் வருகுது. கூட்டினா 8. எங்க பூச்சியம்?

மூடையையும் கிலோவையும் நேரே கூட்ட முடியாது. கூட்ட வேண்டியது பெறுமதிகளை. நெல் 2 மூடை மிஞ்சுகிறது, மூடைக்கு 5 கிலோ என்ற விலையில் அதன் பெறுமதி −10. கருவாடு 10 கிலோ போதவில்லை, கிலோவுக்கு 1 என்ற விலையில் +10. கூட்டினால் பூச்சியம்.

```
p × z1 + 1 × z2 = 0
```

பாடக்குறிப்புகளில் ‘மிகைக் கேள்விகளின் கூட்டுத்தொகை பூச்சியம்’ என்று சுருக்கி எழுதிவிடுகிறார்கள். ‘பெறுமதி’ என்ற ஒரு சொல்லை விட்டதனால் வரும் குழப்பம் இது.

4. சமநிலை விலையில பூச்சியம் வாறது சரி. வேற விலையிலயும் ஏன் பூச்சியம் வருகுது? சந்தைதான் சமன் இல்லையே.

இது சந்தையைப் பற்றிய விதி அல்ல, ஒவ்வொருவரின் கைக்கணக்கைப் பற்றியது. கமக்காரர் எந்த விலையிலும் தன் வருமானம் 20p-ஐ முழுதாகச் செலவிடத் திட்டமிடுகிறார். வாடிக்காரரும் தன் 60-ஐ முழுதாகச் செலவிடத் திட்டமிடுகிறார். வாங்க நினைப்பதன் பெறுமதியிலிருந்து கையில் இருப்பதன் பெறுமதியைக் கழித்தால் ஒவ்வொருவருக்கும் பூச்சியம். பூச்சியத்தோடு பூச்சியத்தைக் கூட்டினால் பூச்சியம்தானே. விலை சரியா பிழையா என்ற பேச்சே இதில் இல்லை.

2ஆம் விடையின் இரண்டு வரிகளையும், p-க்கு எண் எதுவும் போடாமலே, முதல் வரியை p ஆல் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். p(40/p − 10) + (10p − 40) = 40 − 10p + 10p − 40. எல்லாம் வெட்டுப்பட்டுப் போகிறது. அதனால் இது தீர்க்க வேண்டிய சமன்பாடு அல்ல, சர்வசமன்பாடு. லியோன் வல்ராஸ் 1874இல் வெளிவரத் தொடங்கிய தன் நூலில் இந்த உறவைப் பயன்படுத்தினார். ‘வல்ராசின் விதி’ என்ற பெயரை 1942இல் ஒஸ்கார் லாங்கே வைத்தார்.

5. அப்ப விதியைப் போட்டே p-யைக் கண்டுபிடிக்கலாமோ?

முடியாது. எந்த p-யைப் போட்டாலும் உண்மையாக இருக்கும் ஒன்று எந்த p என்று எப்படிச் சொல்லும்? p × z1 + z2 = 0 என்று எழுதிவிட்டு அதைத் ‘தீர்க்க’ப் பார்ப்பவர்களுக்கு 0 = 0 என்றே வரும். பரீட்சைத் தாளில் அரைப்பக்கம் அதிலேயே போய்விடும்.

விலையைத் தருவது z1 = 0 என்ற சந்தைச் சமன் நிபந்தனை. விதி செய்வது இரண்டு வேலை. ஒன்று, நெற்சந்தை சமனானால் p × 0 + z2 = 0, ஆகவே z2-உம் பூச்சியம் என்று சொல்லி இரண்டாவது சமன்பாட்டைத் தீர்க்கும் வேலையை மிச்சம் பிடிக்கிறது. மற்றது, எழுதிய கேள்விச் சார்புகளில் பிழை இருந்தால் காட்டிக்கொடுக்கிறது. இந்த இரண்டாவது வேலையைத்தான் பலர் பயன்படுத்துவதில்லை. 8ஆம் கேள்வியில் அதை விரிவாகப் பார்க்கலாம்.

6. p = 4 சரி. ஒரு மூடை நெல் ரூபாவில எவ்வளவு?

இந்தக் கணக்கிலிருந்து சொல்ல முடியாது. கருவாடு கிலோ 1000 ரூபா என்றால் நெல் மூடை 4000. கிலோ 2000 ரூபா என்றால் மூடை 8000. இரண்டிலும் கமக்காரர் வாங்குவது அதே 40 கிலோ, வாடிக்காரர் வாங்குவது அதே 10 மூடை. எல்லா விலைகளும் இரட்டித்தால் வருமானமும் இரட்டிக்கும், ஏனென்றால் இங்கே வருமானம் என்பதே கையிருப்பின் விலை.

எண்ணிப் பார்த்தாலும் இதே முடிவுதான். விலைகள் இரண்டு, ஆனால் 5ஆம் விடைப்படி உருப்படியான சமன்பாடு ஒன்று. இரண்டு தெரியாக் கணியங்களை ஒரு சமன்பாட்டால் பிடிக்க முடியாது, அவற்றின் விகிதத்தை மட்டும் பிடிக்கலாம். ரூபாவில் விடை வேண்டுமென்றால் பணத்தையும் ஒரு பண்டமாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். அது வேறு பாடம்.

7. கருவாட்டை 1 ஆக வைக்காம நெல்லை 1 ஆக வைச்சா விடை மாறுமோ?

எண் மாறும், விகிதம் மாறாது. நெல் மூடை 1 என்றால் கருவாடு கிலோவின் விலை 1/4 என்று வரும். விடை எழுதும்போது ‘p = 4’ என்று மட்டும் விட்டுவிடாமல் ‘ஒரு மூடைக்கு 4 கிலோ’ என்று அலகோடு எழுதுங்கள். எதை 1 ஆக வைத்தோம் என்பதைப் பாதிவழியில் மறந்துபோய் 4-ஐயும் 1/4-ஐயும் மாற்றிப் போடும் பிழை அதோடு நின்றுவிடும்.

ஒரே ஒரு கவனம்: விலை பூச்சியமாகக்கூடிய பண்டத்தை 1 ஆக வைக்கக்கூடாது. காரணம் 14ஆம் விடையில்.

8. எனக்கு நெற்சந்தையில p = 4, கருவாட்டுச் சந்தையில p = 3 வருகுது. எதை விடையாக எழுதுறது?

இரண்டையும் எழுத வேண்டாம். இரண்டு சந்தையிலும் இரண்டு விடை வந்தால் யாரோ ஒருவரின் கேள்விச் சார்பு பிழை. எந்தச் சந்தையைத் தீர்த்தாலும் ஒரே p வர வேண்டும் என்பதுதானே விதி. பிழை யாருடையது என்று கண்டுபிடிக்க p × z1 + z2-ஐச் சுருக்கி, என்ன மீதி வருகிறது என்று பாருங்கள். மீதியின் உருவமே ஆளைக் காட்டிவிடும்.

நீங்கள் சொன்ன விடைகளுக்கு ஏற்ற பிழை இது: வாடிக்காரர் நெல்லுக்கு மூன்றில் இரண்டு என்று எடுத்தபின், கருவாட்டுக்குப் பாதி, அதாவது 30 கிலோ என்று எழுதியிருப்பீர்கள். அப்போது z2 = 10p − 30. மீதி எல்லா விலையிலும் +10. மாறாத எண் என்றால் அது p இல்லாத வருமானம் உள்ளவரின், அதாவது 60 கிலோ வைத்திருக்கும் வாடிக்காரரின் கணக்கு. குறி நேர், ஆகவே அவர் இருப்பதைவிட 10 கிலோவின் பெறுமதி கூடச் செலவிடுகிறார். 40-உம் 30-உம் கூட்டினால் 70, கையில் இருந்தது 60.

கமக்காரரில் பிழை விட்டிருந்தால் மீதியில் p ஒட்டிக்கொண்டு வரும். அவருடைய கருவாட்டுப் பங்கைப் பாதிக்குப் பதிலாகக் காற்பங்கு என்று எடுத்தால் z2 = 5p − 40, மீதி −5p. அவரின் வருமானம் 20p-இல் 5p செலவாகாமல் நிற்கிறது என்று பொருள். மறைக்குறி வந்தால் யாரோ செலவழிக்க மறந்திருக்கிறார், நேர்க்குறி வந்தால் யாரோ இல்லாத காசைச் செலவழித்திருக்கிறார்.

9. நான் p = 4 போட்டுச் சரிபார்த்தனான், பூச்சியம் வந்தது. பிறகும் பிழை எண்டு வெட்டிப் போட்டினம். ஏன்?

சமநிலை விலையில் மட்டும் சரிபார்ப்பது போதாது. பலரும் விடும் ஒரு பிழையைப் பாருங்கள். கமக்காரரின் வருமானத்தை 20p என்று வைக்காமல், விடையை முன்கூட்டியே தெரிந்த மாதிரி 80 என்று வைத்துவிடுவது. அப்போது அவரின் நெற்கேள்வி 40/p, கருவாட்டுக் கேள்வி 40.

```
z1 = 40/p + 40/p - 20 = 80/p - 20
z2 = 40 + 20 - 60     = 0
p × z1 + z2           = 80 - 20p
```

p = 4 என்று போட்டால் மீதி பூச்சியம், எல்லாம் சரிபோலத் தெரியும். p = 5 என்று போட்டால் −20 வந்து பிழை வெளிப்படும். z2 எந்த விலையிலும் பூச்சியமாக நிற்பதும் ஒரு அடையாளம். நெல் விலை மாறினால் கமக்காரரின் வருமானம் மாறும், அதோடு அவர் வாங்கும் கருவாடும் மாற வேண்டும். மாறவில்லை என்றால் வருமானத்தில் p விடுபட்டிருக்கிறது.

ஆகவே சரிபார்ப்பதற்கு விடை அல்லாத ஒரு விலையை எடுங்கள். p = 1-உம் வேண்டாம், அந்த விலையில் பெருக்க மறந்த பிழை தெரியாமல் போகும். 2 அல்லது 5 நல்லது.

10. வாடிக்காரரிட்டயும் கொஞ்சம் நெல் இருந்தா? அவர் வாங்குறவரோ விக்கிறவரோ எண்டு முதலில முடிவெடுக்க வேணுமோ?

வேண்டாம், அது தானாக வரும். வாடிக்காரரிடம் 6 மூடை நெல்லும் இருக்கிறது என்போம். அவரின் வருமானம் 6p + 60. மூன்றில் இரண்டு பங்கு நெல்லுக்கு: (4p + 40)/p, அதாவது 4 + 40/p மூடை. கருவாட்டுக்கு 2p + 20. மொத்த நெல் இப்போது 26 மூடை.

```
z1 = 10 + 4 + 40/p - 26     = 40/p - 12
z2 = 10p + 2p + 20 - 60     = 12p - 40
```

p = 10/3, அதாவது மூடைக்கு ஏறத்தாழ 3.33 கிலோ. வாடிக்காரர் 16 மூடை வைத்திருக்க விரும்புகிறார், 6 ஏற்கெனவே இருக்கிறது, 10 வாங்குகிறார். வாங்குபவர் என்பது கடைசியில்தான் தெரிந்தது.

இங்கே வழுக்கும் இடம், அந்த 6 மூடையை இருப்பில் சேர்த்துவிட்டு வருமானத்தில் சேர்க்க மறப்பது. அப்படிச் செய்தால் நெற்சந்தை p = 2.5 என்றும் கருவாட்டுச் சந்தை p = 4 என்றும் தரும். மீதி −6p. அந்த ஆறு மூடையும் அப்படியே மீதியில் வந்து நிற்பதைப் பார்க்கலாம். மீதியில் p இருந்தால் கமக்காரர்மேல் சந்தேகப்படு என்ற 8ஆம் விடை, வாடிக்காரரிடம் நெல்லே இல்லாதபோது மட்டும் பொருந்தும். இங்கே இருவர் வருமானத்திலும் p இருக்கிறது, ஆகவே எண்ணையும் பார்க்க வேண்டும்.

11. விளைச்சல் இரட்டிச்சா கமக்காரருக்கு இரட்டிப்பு லாபம்தானே?

2ஆம் விடைக் கணக்கில் 20-ஐ 40 ஆக்குங்கள். z1 = 20 + 40/p − 40, ஆகவே p = 2. விலை பாதியாகிவிட்டது. கமக்காரர் 20 மூடை விற்று வாங்குவது அதே 40 கிலோ கருவாடு. வீட்டில் 10 மூடைக்குப் பதில் 20 மூடை இருக்கிறது, அதுதான் அவருக்கு மிச்சம். வாடிக்காரருக்கு அதே 40 கிலோவுக்கு இரண்டு மடங்கு நெல்.

கருவாடு துளிகூடக் கூடாதது இந்த மாறாப் பங்குகளால் வந்தது. வேறு விருப்பங்களில் அது கூடலாம், குறையவும் செய்யலாம். நெல் விலை விழும் என்பதை அறுவடை மாதத்தில் பரந்தன் பக்கம் நின்று பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

12. மூடைக்கு 5 கிலோ எண்டு விலையைக் கட்டி வைச்சா என்ன நடக்கும்? விதி உடையுமோ?

விதி உடையாது, சமநிலைதான் இல்லாமல் போகும். 3ஆம் விடையின் எண்கள்தான் இவை. கமக்காரர் 10 மூடை கொண்டுவந்து 50 கிலோ கேட்கிறார். வாடிக்காரர் 40 கிலோ கொண்டுவந்து 8 மூடை கேட்கிறார். 8 மூடைக்கு 40 கிலோ கைமாறும். 2 மூடை நெல் விற்காமல் திரும்பும், 10 கிலோ கருவாடு கிடைக்காமல் போகும்.

இதை இரண்டு பிரச்சினை என்று எண்ணி, நெல் தேக்கத்துக்கு ஒரு தீர்வும் கருவாட்டுத் தட்டுப்பாட்டுக்கு இன்னொன்றும் தேடக்கூடாது. 2 மூடையின் பெறுமதி 10 கிலோ. ஒரே இடைவெளியை இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கிறோம். விலை 4-க்கு இறங்கினால் இரண்டும் சேர்ந்தே மறையும்.

விதி கணக்கெடுப்பது விருப்பங்களை, நடந்த வியாபாரத்தை அல்ல என்பதும் இதில் தெரிகிறது. கமக்காரர் கடைசியில் 12 மூடையோடு வீடு திரும்புகிறார், ஆனால் z1-இல் போட்டது அவர் வைத்திருக்க விரும்பிய 10. இதே இடத்தில் இன்னொரு கேள்வியும் வரும்: இரண்டே பேர் என்றால் பேரம் பேசமாட்டார்களா, p ஏன் இருவருக்கும் கொடுக்கப்பட்ட ஒன்றாக இருக்கிறது? ஒவ்வொருவரையும் அதே இருப்பும் அதே விருப்பமும் உள்ள ஆயிரம் பேரின் பிரதிநிதியாக எடுங்கள். z1, z2 இரண்டும் ஆயிரத்தால் பெருகும், p மாறாது, தனி ஒருவர் பேரம் பேசி விலையை அசைக்க முடியாது.

13. முல்லைத்தீவில இருந்து லொறியில ஏத்தி வாற கூலியைச் சேர்த்தன். கூட்டுத்தொகை பூச்சியம் வருகுதில்லை.

கூலி வாங்கியவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், ஏ35-இல், வரும் கருவாட்டில் ஐந்தில் ஒரு பங்கை லொறிக்காரர் கூலியாக எடுக்கிறார் என்போம். வாடிக்காரர் மூடைக்கு p கிலோ கொடுக்கிறார், கமக்காரர் கைக்கு வருவது 0.8p. கமக்காரர் இப்போதும் 10 மூடை வைத்துக்கொண்டு 8p கிலோ வாங்குகிறார்.

```
z1 = 40/p - 10
z2 = 8p + 20 - 60
p × z1 + z2 = -2p
```

மீதி −2p. நெற்சந்தையைத் தீர்த்து p = 4 என்று எடுத்தால் 8 கிலோ கருவாடு யாருக்கும் இல்லாமல் நிற்கிறது. அது லொறிக்காரரின் வருமானம், 2p. அவர் அதை முழுதும் கருவாடாகவே வைத்துக்கொண்டால் z2-உடன் 2p சேரும், p = 4 அப்படியே நிற்கும். பாதிக்கு நெல் வாங்கினால் z1-உடன் 1 மூடையும் z2-உடன் p-யும் சேரும். z1 = 40/p − 9, p = 40/9, அதாவது 4.44 அளவில். மீதி இப்போது பூச்சியம். கூலி, வரி, தரகு எதைச் சேர்த்தாலும் ‘இந்தக் காசு யார் கைக்குப் போகிறது, அவர் அதை என்ன செய்கிறார்?’ என்று கேட்டு அவரையும் ஒரு ஆளாகச் சேருங்கள்.

14. ஒரு சந்தை சமன் எண்டா மற்றதும் சமன் எண்டு எப்பவும் சொல்லலாமோ? சேர் ‘இல்லை’ எண்டார், காரணம் சொல்லேல்லை.

சேர் சொன்னது சரி. 5ஆம் விடையில் z2 = 0 என்று முடிவெடுத்தது கருவாட்டின் விலை 1 என்று வைத்ததால். விலை பூச்சியமாக இருந்தால் 0 × z2 = 0 என்பது z2 என்னவாக இருந்தாலும் உண்மை.

ஒரு உதாரணம். இருப்பு அதேதான், ஆனால் இருவருக்கும் ஒரு மூடை நெல்லுக்கு 2 கிலோ கருவாடு சேர்ந்தால்தான் பயன். கூடக் கிடைத்தாலும் பிரயோசனம் இல்லை. 20 மூடைக்குத் தேவை 40 கிலோ, இருப்பது 60. 20 கிலோ எப்படியும் மிஞ்சும். நெல்லை 1 ஆக வைத்து, கருவாட்டின் விலையை q என்போம். ஒரு சேர்க்கையின் விலை 1 + 2q. கமக்காரரின் வருமானம் 20, வாடிக்காரரின் வருமானம் 60q.

```
z1 = (20 + 60q)/(1 + 2q) - 20    = 20q/(1 + 2q)
z2 = 2(20 + 60q)/(1 + 2q) - 60   = -20/(1 + 2q)
z1 + q × z2 = 0
```

விதி வழக்கம்போல எல்லா விலையிலும் நிற்கிறது. ஆனால் z1 = 0 ஆக வேண்டுமென்றால் q = 0 ஆக வேண்டும். அந்த விலையில் z2 = −20. நெற்சந்தை சமன், கருவாடு 20 கிலோ மிச்சம், விலை இல்லை, அதுவே சமநிலை. வாடிக்காரரின் 60 கிலோவுக்கும் பெறுமதி பூச்சியம் என்பதால் நெல் முழுதும் கமக்காரரிடமே நிற்கிறது. கொடுமையான முடிவுதான், ஆனால் கணக்கு அப்படி.

7ஆம் விடையின் எச்சரிக்கை இதற்காகத்தான். இங்கே கருவாட்டை 1 ஆக வைத்திருந்தால் z1 = 0 தரும் p எதுவுமே கிடைத்திருக்காது, p முடிவிலியை நோக்கி ஓடும். தீர்வு வராமல் p ஏறிக்கொண்டே போனால் மற்றப் பண்டத்தை 1 ஆக்கிப் பாருங்கள். சரியான பொது நிபந்தனை: விலை நேராக உள்ள பண்டத்துக்கு மிகைக் கேள்வி பூச்சியம், விலை பூச்சியமான பண்டத்துக்கு மிகைக் கேள்வி பூச்சியம் அல்லது மறை.

15. வருமானத்தை முழுக்கச் செலவழிக்காதவை இருந்தா?

4ஆம் விடையின் அத்திவாரம் ஆட்டம் காணும். ஒருவருக்கு இரண்டு பண்டத்திலும் போதும் என்றாகிவிட்டால் அவர் மிச்சத்தைச் செலவிடமாட்டார். அப்போது p × z1 + z2 பூச்சியத்துக்குச் சமன் அல்லது அதைவிடக் குறைவு என்று மட்டும் சொல்லலாம். ‘கூடக் கிடைத்தால் கூடப் பயன்’ என்ற எடுகோள் பாடநூலில் முதலில் வருவது சும்மா அல்ல. நாளைக்கு என்று மிச்சம் பிடிப்பது இதற்குள் வராது. நாளைய நெல்லை மூன்றாவது பண்டமாக எண்ணினால் கணக்குப் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும்.

16. z1 = 0 ஐத் தீர்க்க ரெண்டு மூண்டு விடை வந்தா? அதோட, பனங்கிழங்கையும் சேர்த்து மூண்டு பண்டமாக்கினா என்ன செய்யிறது?

பல விடை வரலாம், விதி அதைத் தடுக்காது. 2ஆம் கணக்கில் p கூடக்கூட z1 = 40/p − 10 குறைந்துகொண்டே போகிறது, அதனால் பூச்சியத்தை ஒருமுறைதான் வெட்டும். நெல் விலை ஏறும்போது கமக்காரரின் வருமானமும் ஏறி அவரே கூட நெல் உண்ணத் தொடங்கும் விருப்பங்களில் வளைகோடு வளைந்து மூன்று முறை வெட்டலாம். அப்போது மூன்றுமே சமநிலை விலைகள். z1-இன் குறி நேரிலிருந்து மறைக்கு மாறும் இடங்களில் விலை தானாக வந்து நிற்கும், நடுவில் உள்ளதில் நிற்காது. பூச்சியம் தரும் p-க்குச் சற்றுக் கீழேயும் மேலேயும் ஒவ்வொரு விலையைப் போட்டுக் குறியைப் பார்த்தால் எது எந்த வகை என்று தெரியும்.

மூன்று பண்டம் என்றால் ஒன்றை 1 ஆக வைத்து, இரண்டு சந்தைகளைச் சேர்த்துத் தீர்க்க வேண்டும். விடக்கூடியது அப்போதும் ஒரே ஒரு சமன்பாடுதான். நெற்சந்தை மட்டும் சமன் என்று தெரிந்தால் கருவாட்டையும் கிழங்கையும் பற்றித் தனித்தனியாக ஒன்றும் சொல்ல முடியாது, அவற்றின் பெறுமதிகள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன என்று மட்டும் சொல்லலாம். விலை தானாகச் சமநிலைக்கு வரும் என்ற நம்பிக்கையும் அங்கே போய்விடுகிறது. மூன்று பண்டங்களோடு விலைகள் சமநிலையைச் சுற்றிச்சுற்றி வந்து ஒருபோதும் சேராத உதாரணங்களை ஹேர்பர்ட் ஸ்கார்ஃப் 1960இல் காட்டினார்.